பூஜ்ய அடிப்படை பட்ஜெட்டும் இன்கிரிமென்டல் பட்ஜெட்டும்: மேலாண்மைக் கணக்கியல் தாளின் விவாதக் கேள்விகளுக்கு ஒரே கணக்கை வைத்துப் பதில்கள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே எடுத்துக்காட்டைச் சுற்றி வருகின்றன: இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு. தொகைகள் ஆயிரங்களில். நாணயம் எதுவானாலும் கணக்கு மாறாது.

"ஒன்று போன வருடத்திலிருந்து தொடங்கும், இன்னொன்று பூஜ்யத்திலிருந்து தொடங்கும்" என்று எழுதினால் வித்தியாசம் சொல்லியாகிவிட்டதா?

பாதிதான். அது இரண்டு மதிப்பெண் பதில். விவாதக் கேள்வியில் தேர்வாளர் எதிர்பார்ப்பது, யார் எதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதை.

இன்கிரிமென்டல் முறையில் போன வருடத் தொகை கேள்வி கேட்காமலே உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதை மட்டும்தான் கூட்டத்தில் பேசுவார்கள். 4,000 செலவழித்த பிரிவு 4,200 கேட்டால் விவாதம் அந்த 200-ஐப் பற்றி. மீதி 4,000-ஐ யாரும் தொடமாட்டார்கள்.

பூஜ்ய அடிப்படையில் மொத்தத் தொகைக்கும் காரணம் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. பல விடைத்தாள்களில் இது விடுபட்டுப்போகிறது. ஒவ்வொரு வேலையையும் ஒரே தொகையாகக் கேட்கக் கூடாது. "இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு சேவை, இன்னும் இவ்வளவு கொடுத்தால் கூடுதலாக இவ்வளவு சேவை" என்று படிப்படியாக விலை போட்டுத் தர வேண்டும். நிர்வாகம் தேர்ந்தெடுக்க வழி கிடைப்பது இந்தப் படிகளால்தான். வெறுமனே பூஜ்யத்திலிருந்து எழுதிப் பழைய தொகைக்கே வந்து சேர்ந்தால், அது நீளமாக எழுதிய இன்கிரிமென்டல் பட்ஜெட்.

இன்கிரிமென்டல் பட்ஜெட்டுக்குப் போன வருடத் தொகையில் சதவீதம் ஏற்றினால் கணக்கு முடிந்துவிடாதா?

முடியாது. ஏற்றுவதற்கு முன் அடித்தளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் சேவைப் பிரிவின் நடப்பு ஆண்டு பட்ஜெட் 4,000. அதில் 9 ஊழியர்களின் சம்பளம் 1,800 (தொலைபேசியில் 8 பேர், பயிற்சியாளர் ஒருவர்). வீடு தேடிப் போய்ப் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு 1,300. அச்சிட்ட கையேடுகளைச் சேமித்து அனுப்ப 360. மென்பொருள் உரிமம் 60-க்கு 240. இதர செலவு 300.

அடுத்த ஆண்டு சம்பளம் 6 சதவீதமும் மற்றவை 5 சதவீதமும் உயரும். புதிய தயாரிப்பு ஒன்று வருவதால் தொலைபேசிக்கு இன்னும் ஒருவர் வேண்டும் என்கிறார் மேலாளர். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சம்பளம் 1,908, மற்றவை 2,310, புதியவர் 212; மொத்தம் 4,430.

இதர செலவின் 300-இல் 200 அலுவலகம் மாற்றியதற்கான ஒருமுறைச் செலவு. அது மீண்டும் வராது. அதை நீக்கினால் மற்றவை 2,000. 5 சதவீதம் ஏற்றினால் 2,100. மொத்தம் 4,220. வித்தியாசம் 210. இது ஓராண்டோடு நிற்கிற பிழையும் அல்ல. அடித்தளத்துக்குள் புகுந்துவிட்ட ஒருமுறைச் செலவு ஒவ்வோர் ஆண்டும் வட்டி போட்டு வளரும்.

கேள்வித்தாளில் "நடப்பு ஆண்டில் ஒருமுறை ஏற்பட்ட…" என்று ஒரு வரி வந்தால், அதை வைத்ததே இதற்காகத்தான்.

இதே பிரிவுக்குப் பூஜ்ய அடிப்படையில் எங்கே தொடங்குவது?

செலவுத் தலைப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் பிரிவு என்ன வேலை செய்கிறது என்று தொடங்க வேண்டும். சம்பளம், உரிமம், இதர என்பவை பணம் போகும் வழிகள் மட்டுமே. இங்கே வேலை நான்கு: தொலைபேசியில் புகார் கேட்பது, நேரில் போய்ப் பழுது பார்ப்பது, கையேடு தருவது, விற்பனையாளர்களின் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி தருவது.

அடுத்தது வேலையின் அளவு. ஓர் ஊழியர் நாளொன்றுக்கு 40 அழைப்புகளை எடுப்பார். ஆண்டுக்கு 230 வேலை நாள். ஆக ஒருவருக்கு 9,200 அழைப்புகள். புதிய தயாரிப்பையும் சேர்த்து அடுத்த ஆண்டு எதிர்பார்ப்பு 73,000. அதில் பகல் நேரத்தில் 55,000, மாலையில் 18,000. 73,000-ஐ 9,200-ஆல் வகுத்தால் 7.93. எட்டுப் பேர் போதும்.

இப்போதே எட்டுப் பேர் இருக்கிறார்கள். நடப்பு ஆண்டின் அழைப்புகள் 66,000 மட்டுமே, அதற்கு 7.2 பேர்தான் தேவைப்பட்டது. புதிய ஆளுக்குக் கேட்ட 212-இன் கதை இப்படி வெளியே வருகிறது. ஏற்கெனவே பிரிவுக்குள் தளர்வு இருந்தது. மேலாளர் அதன் மேல் இன்னோர் ஆளைக் கேட்டார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அழைப்பு கூடுகிறது, ஆள் கேட்கிறார். அளவைக் கேட்காத முறையில் அந்தத் தளர்வு யார் கண்ணிலும் படாது.

முடிவுத் தொகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? இரண்டு வகை என்று பாடத்தில் வருகிறதே?

ஒரு முடிவுத் தொகுப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். வேலையின் நோக்கம், செய்யும் விதம், அளவு, தொகை, கிடைக்கும் பலன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு எப்படிச் செய்யலாம் ஆகியவை அதில் இருக்கும். "செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்ற பகுதியைத்தான் மேலாளர்கள் மழுப்புவார்கள். "சேவைத் தரம் பாதிக்கப்படும்" என்பது பதில் ஆகாது. "மாலை 6 மணிக்கு மேல் வரும் 18,000 அழைப்புகளுக்கு மறுநாள்தான் பதில் போகும்" என்பது பதில்.

வகை இரண்டு. முதல் வகை ஒன்றுக்கொன்று மாற்றானவை: ஒரே வேலையைச் செய்ய வெவ்வேறு வழிகள், ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். கையேட்டை அச்சிட்டு அனுப்பினால் அடுத்த ஆண்டு 378, இணையத்தில் வைத்தால் 120. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வரிசைப்படுத்தலுக்குப் போக வேண்டும். இரண்டையும் வரிசைக்குள் போட்டுவிடுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

இரண்டாவது வகை படிநிலைத் தொகுப்புகள். முதல் படி, அதற்குக் கீழே போனால் வேலையையே நிறுத்திவிடலாம் என்ற குறைந்தபட்ச நிலை. அடுத்த படிகள் அதன் மேல் ஏறுபவை. பகல் நேரத் தொலைபேசிச் சேவைக்கு 6 பேர். உரிமமும் இதரமும் சேர்த்து 1,442. மாலை நேரத்துக்கு மேலும் 2 பேர், 474. வார இறுதிக்கு ஒன்றரை ஆளின் நேரம், 318. முதல் படி இல்லாமல் இரண்டாம் படிக்கு அர்த்தமில்லை என்பதால் வரிசையிலும் அது முன்னால் வர முடியாது.

வரிசைப்படுத்தலை எப்படிக் காட்டுவது? எதை முதலில் வைப்பது?

சட்டமோ ஒப்பந்தமோ கட்டாயப்படுத்துவது முதலில். பிறகு பணமாக அளக்கக்கூடிய பலன் செலவைத் தாண்டுபவை. அதன்பின் அளக்க முடியாத பலனை நிர்வாகம் எடைபோட்டு வைக்கும் இடம். நம் பிரிவுக்குக் கிடைக்கும் நிதி 3,850 என்று வைத்துக்கொள்வோம்.

| வரிசை | தொகுப்பு | தொகை | கூட்டுத்தொகை |
|---|---|---|---|
| 1 | உத்தரவாதக் காலப் பழுதுபார்ப்பு வருகை | 1,100 | 1,100 |
| 2 | விற்பனையாளர் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு சுற்று | 244 | 1,344 |
| 3 | பகல் நேரத் தொலைபேசி | 1,442 | 2,786 |
| 4 | இணையக் கையேடு | 120 | 2,906 |
| 5 | 48 மணி நேரத்துக்குள் வருகை | 265 | 3,171 |
| 6 | மாலை நேரத் தொலைபேசி | 474 | 3,645 |
| 7 | பயிற்சி, இரண்டாம் சுற்று | 160 | 3,805 |
| | வெட்டுக்கோடு 3,850 | | |
| 8 | வார இறுதித் தொலைபேசி | 318 | 4,123 |

உத்தரவாதக் காலத்தில் பழுது பார்ப்பது ஒப்பந்தக் கடமை; ஒரு வருகைக்கு ஒப்பந்தக்காரருக்கு 2 வீதம் 550 வருகைகள். 48 மணி நேர வருகைக்கு 265 செலவு. தாமதத்தால் பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்களில் 24 பேரை அது தடுக்கும். ஒவ்வொன்றிலும் இழக்கும் பங்களிப்பு 15, ஆக 360. மாலை நேரச் சேவையின் பலனைப் பணமாகச் சொல்ல முடியாது. 18,000 அழைப்புகள் என்ற அளவை வைத்து நிர்வாகம் அதை வார இறுதிக்கு முன்னால் வைத்திருக்கிறது. தேர்வில் இப்படி ஒரு வரிக் காரணம் ஒவ்வொரு தொகுப்புக்கும் இருக்க வேண்டும். அட்டவணையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால் பாதி மதிப்பெண் போய்விடும்.

வெட்டுக்கோட்டுக்கு மேலே இருந்தால் அந்தத் தொகுப்பு தானாகவே அனுமதியாகிவிடும்தானே?

இல்லை. ஏழாவது தொகுப்பைப் பாருங்கள். இரண்டாம் சுற்றுப் பயிற்சிக்குச் செலவு 160. அதனால் மேலும் 60 வருகைகள் குறையும். வருகைக்கு 2 வீதம் மிச்சம் 120. நிதி இருக்கிறது, ஆனால் தொகுப்பு தன் செலவையே ஈட்டவில்லை. நிகரமாக 40 நஷ்டம். பணத்தில் அளக்க முடியாத வேறு வலுவான பலனைக் காட்டாவிட்டால் அதை நிராகரிக்க வேண்டும்.

அப்போது மொத்தம் 3,645-இல் நிற்கும். 205 பொது நிதிக்குத் திரும்பிப்போகும், வேறொரு பிரிவின் நல்ல தொகுப்புக்கு உதவும். அதை வைத்து எட்டாவது தொகுப்பை எடுக்கலாமே என்றால், 318-க்கு 205 போதாது. வெட்டுக்கோடு ஓர் உச்சவரம்பு. அதுவரை செலவழித்தாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டு முடிவில் மீந்த பட்ஜெட்டை அவசரமாகக் காலி செய்யும் அதே பழைய பழக்கம் புதிய பெயரில் திரும்பி வரும்.

ஒரு தொகுப்பை நீக்கினால் அதன் தொகை அப்படியே மிச்சமாகிவிடுமா?

பூஜ்ய அடிப்படையில் நடக்கும் மிக விலையுயர்ந்த பிழை இதில்தான் வரும். பயிற்சியின் முதல் சுற்றை வரிசையில் இரண்டாவதாக வைத்தது ஏன் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். பொதுவாகப் பயிற்சிதான் முதலில் வெட்டுப்படும் செலவு.

பயிற்சியே இல்லையென்றால் வருகைகள் 700 ஆகும். முதல் சுற்றுப் பயிற்சி 150 வருகைகளைக் குறைப்பதால்தான் 550. அதாவது, முதல் தொகுப்பின் 1,100 என்ற தொகையே இரண்டாவது தொகுப்பு உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. பயிற்சியை நீக்கி 244 மிச்சம் என்று எழுதினால், வருகைச் செலவு 1,400-க்கு ஏறும். மொத்தம் 3,645-இலிருந்து 244 குறைந்து, 300 கூடி, 3,701 ஆகும். மிச்சம் பிடிக்கப் போய் 56 கூடுதலாகச் செலவாகிறது.

எனவே தொகுப்பு எழுதும்போதே அது வேறு எந்தத் தொகுப்பைச் சார்ந்திருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். சார்புள்ள இரண்டை அடுத்தடுத்து வைப்பது அல்லது ஒன்றாகக் கட்டிவிடுவது நல்லது. இங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஒப்பந்தக்காரருக்கு வருகைக் கணக்கில் பணம் தருவதால்தான் 150 வருகை குறைந்தால் 300 கையில் நிற்கிறது. வருகைக்குப் போவோர் மாதச் சம்பளக்காரர்களாக இருந்தால், வருகை குறைந்தாலும் சம்பளம் குறையாது. அந்த 300 காகிதத்தில் மட்டும் இருக்கும்.

ஆண்டின் நடுவில் நிதி 3,500-ஆகக் குறைந்தால் என்ன செய்வது?

எளிமைக்காக இதை முழு ஆண்டுக்கான திருத்தமாகவே எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது வரை 3,171. மாலை நேரத் தொகுப்பு 474 சேர்ந்தால் 3,645, தாண்டிவிடுகிறது. மீதி 329.

எண்ணை மட்டும் பார்ப்பவர் ஆறாவதைத் தாண்டிப் போய், 318 ஆகும் வார இறுதித் தொகுப்பை உள்ளே போடுவார். 3,489, அழகாகப் பொருந்துகிறது. ஆனால் நிர்வாகம் குறைவாக மதித்த ஒன்று, அதிகமாக மதித்த ஒன்றைத் தள்ளிவிட்டு வருகிறது. அளவு பொருந்துகிறது என்பதைத் தவிர அதற்குக் காரணமில்லை.

சரியான வழி மேலாளரிடம் மாலைத் தொகுப்பைப் பிரித்துத் தரச் சொல்வது. ஒருவர் மட்டும் என்றால் சம்பளம் 212, உரிமமும் இதரமும் 25, ஆக 237. மொத்தம் 3,408. அந்த ஒருவர் 9,200 அழைப்புகளை எடுப்பார். ஏறத்தாழ பாதி மாலை அழைப்புகள் மறுநாளுக்குப் போகும். வெட்டினால் என்ன இழக்கிறோம் என்பதை எண்ணோடு சொல்ல முடிகிறது. இன்கிரிமென்டல் பட்ஜெட்டில் இதே நெருக்கடி வந்தால் "எல்லாத் தலைப்பிலும் இத்தனை சதவீதம் வெட்டு" என்ற உத்தரவுதான் வரும். அது உத்தரவாதக் கடமையையும் கையேட்டையும் ஒரே கத்தியால் வெட்டும்.

இன்கிரிமென்டல் 4,220, பூஜ்ய அடிப்படை 3,645. இந்த 575 முழுவதும் பூஜ்ய அடிப்படையின் வெற்றி என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் கூர்மையான தேர்வாளர் மதிப்பெண் தரமாட்டார். 575-ஐப் பிரித்துப் பாருங்கள். கையேட்டை இணையத்துக்கு மாற்றியதில் 258. பயன்படாமல் கிடந்த 25 உரிமங்களை விட்டதில், ஒன்றுக்கு 4.2 வீதம், 105. புதிய ஆளை எடுக்காததில் 212.

இவை மூன்றையும் கண்டுபிடிக்கப் பூஜ்ய அடிப்படை கட்டாயமில்லை. 60 உரிமங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்க ஒரு மின்னஞ்சல் போதும். இன்கிரிமென்டல் பட்ஜெட்டைக் கவனமாகப் போடும் நிதி அலுவலர் இதையெல்லாம் கேட்பார். வழக்கமாகக் கேட்பதில்லை என்பதுதான் அந்த முறையின் பலவீனம். கேட்கவே முடியாது என்பது அல்ல.

பூஜ்ய அடிப்படை மட்டுமே கொடுத்தவை வேறு. பயிற்சிக்கும் வருகைக்கும் உள்ள பிணைப்பு தெரிந்தது. நிதி குறைந்தால் எது முதலில் போகும் என்ற வரிசை கையில் இருக்கிறது. இரண்டாம் சுற்றுப் பயிற்சி தேறாது என்று தெரிந்தது. இவை 575-க்குள் வராதவை, ஆனால் அடுத்த முடிவுகளுக்கு உதவுபவை. எனவே மதிப்பீட்டில் சேமிப்பைவிட இந்தத் தகவலுக்கு அதிக எடை கொடுப்பது நியாயம்.

இவ்வளவு பயன் இருந்தால் ஏன் ஒவ்வோர் ஆண்டும் எல்லாப் பிரிவுக்கும் செய்வதில்லை?

நேரம். நம் சிறிய பிரிவுக்கே 5 பேர் ஆளுக்கு 60 மணி நேரம் செலவிட்டால் 300 மணி, மணிக்கு 0.25 என்றால் 75. முதல் ஆண்டில் 575-க்கு எதிரே 75 பெரிதில்லை. இரண்டாம் ஆண்டில் கையேடும் உரிமமும் ஏற்கெனவே சரியாகிவிட்டன. கண்டுபிடிக்க அதிகம் மிச்சமில்லை, 75 மட்டும் அப்படியே இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் தொகுப்புகள் ஆயிரக்கணக்கில் குவியும். மேலே வரிசைப்படுத்துபவருக்கு ஒவ்வொன்றையும் படிக்க நேரமிருக்காது. படிக்காமல் வரிசைப்படுத்தினால் முறையே வீண்.

ஆகவே சுழற்சியில் வைப்பதுதான் நடைமுறை: ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பூஜ்ய அடிப்படை, இடைப்பட்ட ஆண்டுகளில் சுத்தம் செய்த அடித்தளத்தோடு இன்கிரிமென்டல். எந்தச் செலவுக்கு என்பதும் முக்கியம். நேரடி மூலப்பொருள் செலவுக்குத் தரநிலைச் செலவும் நெகிழ்வு பட்ஜெட்டும் போதும். ஒரு பொருளுக்கு எத்தனை கிலோ என்பதில் படிநிலை ஏது? விளம்பரம், பயிற்சி, நிர்வாகம், ஆராய்ச்சி போன்று உள்ளீட்டுக்கும் பலனுக்கும் உறுதியான விகிதம் இல்லாத, நிர்வாகத்தின் விருப்பத்தில் நிற்கும் செலவுகள்தான் இதற்கு ஏற்றவை.

மேலாளர்கள் பூஜ்ய அடிப்படையையும் ஏமாற்ற முடியுமா?

தாராளமாக. மூன்று வழிகள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, குறைந்தபட்ச நிலையையே நடப்புச் செலவுக்குப் பக்கத்தில் வைப்பது. எல்லாத் தொகுப்பின் முதல் படியும் நடப்புச் செலவில் 95 சதவீதம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். படிகள் பெயருக்குத்தான் இருக்கின்றன. இதைத் தடுக்க, முதல் படி நடப்புச் செலவில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே விதி வைப்பார்கள்.

இரண்டாவது, யாராலும் வெட்ட முடியாத வேலையை வேண்டுமென்றே வரிசையின் அடியில் வைப்பது. நம் பிரிவின் மேலாளர் உத்தரவாத வருகையை எட்டாவதாக வைத்திருந்தால், நிதி அலுவலர் வெட்டத் துணியமாட்டார். மேலே உள்ள ஏழும் தப்பித்துக்கொள்ளும். ஒப்பந்தக் கடமை கோட்டுக்கு அருகில் நிற்பதே இதற்கு அடையாளம்.

மூன்றாவது, பலனை ஊதிக் காட்டுவது. 24 திருப்பங்களைத் தடுக்கும் என்ற எண் எங்கிருந்து வந்தது? அடுத்த ஆண்டு யாராவது திரும்பிப் பார்த்து எண்ணுவார்களா? அந்தப் பின்தணிக்கை இல்லாவிட்டால் எழுத்துத் திறமை உள்ள மேலாளருக்கே நிதி போகும்.

வரலாற்றை எவ்வளவு எழுத வேண்டும்?

இரண்டு மூன்று வரி போதும். பீட்டர் ஃபிர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் இந்த முறையை வடிவமைத்து 1970-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதை மாநில பட்ஜெட்டுக்குக் கொண்டுவந்தார். அதிபரான பின் 1977-இல் அமெரிக்க மத்திய அரசுக்கும் கொண்டுவந்தார். 1981-இல் ரீகன் அரசு அதைக் கைவிட்டது. அதற்கும் முன்பே, 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்க வேளாண் துறை பூஜ்யத்திலிருந்து பட்ஜெட் போட்டுப் பார்த்தது. அந்த முயற்சியை ஆராய்ந்த ஏரன் வில்டாவ்ஸ்கி, உழைப்புக்கேற்ற மாற்றம் வரவில்லை என்று கண்டார். இன்கிரிமென்டல் முறைக்கு ஆதரவாக எழுத வேண்டியிருந்தால் இது நல்ல சான்று.

கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனத்தை எதிர்மறை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா?

சொல்லலாம், கவனமாக. 2015-இல் இணைந்த அந்த நிறுவனத்தில் செலவைக் குறைக்கப் பூஜ்ய அடிப்படை கடுமையாகப் பயன்பட்டது. 2019 பிப்ரவரியில் அது தன் பிராண்டுகள் உள்ளிட்ட சொத்துகளின் மதிப்பை 1,540 கோடி டாலர் குறைத்து எழுதியது. "எனவே பூஜ்ய அடிப்படை பிராண்டை அழிக்கும்" என்று முடித்துவிடாதீர்கள். நுகர்வோர் விருப்பம் மாறியது போன்ற வேறு காரணங்களும் பேசப்பட்டன. எழுத வேண்டிய கருத்து இதுதான்: பலன் மூன்று ஆண்டு கழித்து வரும் செலவு, ஓராண்டுக் கணக்கில் வரிசைப்படுத்தினால் எப்போதும் அடியில்தான் நிற்கும். விளம்பரத்துக்கும் புதிய தயாரிப்பு ஆராய்ச்சிக்கும் தொகுப்பு எழுதும்போது பலன் எந்த ஆண்டில் வரும் என்ற வரி இல்லாவிட்டால் வெட்டு தவறான இடத்தில் விழும்.

"எது சிறந்தது, விவாதிக்க" என்று 10 மதிப்பெண்ணுக்கு வந்தால் எப்படிக் கட்டுவது?

நிறை நான்கு, குறை நான்கு என்று இரண்டு பட்டியல் போட்டால் 5-க்கு மேல் கிடைப்பது கடினம். கேள்வியில் தந்த நிறுவனத்தைப் பார்த்து எழுதுங்கள். செலவில் எவ்வளவு பங்கு விருப்பச் செலவு? சூழல் நிலையானதா, மாறிக்கொண்டிருக்கிறதா? தொகுப்பு எழுதத் தெரிந்த மேலாளர்கள் இருக்கிறார்களா? கடைசியாக எப்போது அடித்தளத்தைச் சோதித்தார்கள்? இந்த நான்குக்கும் கேள்வித்தாளிலேயே பெரும்பாலும் துப்பு இருக்கும்.

நம் எடுத்துக்காட்டைக் கேள்வியாகக் கேட்டால் பதில் இப்படிப் போகும்: சேவைப் பிரிவில் அளக்காத தளர்வு இருப்பதும் கையேட்டுக்கு மாற்று வழி இருப்பதும் தெரிவதால் இந்த ஆண்டு பூஜ்ய அடிப்படை, தொகை 3,645. அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த 3,645-ஐ அடித்தளமாக வைத்து இன்கிரிமென்டல், ஆனால் அழைப்பு எண்ணிக்கையையும் வருகை எண்ணிக்கையையும் ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்க வேண்டும். அழைப்புகள் 73,600-ஐத் தாண்டினால் எட்டுப் பேர் போதாது. ஆள் கேட்கும் கோரிக்கை அப்போது வந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.